கரையாத உப்பு எவ்வளவு கரையும்?

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. சோதனைக்குழாயில் உள்ள தெளிந்த கரைசலில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விழும். அடுத்த நொடியே தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக ஒரு வீழ்படிவு இறங்கும். குளோரைடு உண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, விரலில் பட்ட கறை இரண்டு நாளைக்குக் கறுப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அந்த வெள்ளைப் பொருள் சில்வர் குளோரைடு. பாடநூல் அதை நீரில் கரையாத உப்புகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

உண்மையில் அது கரையும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறக்குறைய 1.9 மில்லிகிராம் கரைகிறது. ஓர் அரிசி மணியைப் பத்தாக நறுக்கி, அதில் ஒரு துண்டைக் குடம் தண்ணீரில் அல்ல, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்ட கணக்கு.

இதை எப்படி அளப்பது? தெளிந்த கரைசலை வடித்து, வற்றவைத்து, மிஞ்சியதை நிறுக்கலாமே என்று முதலில் தோன்றும். 100 மில்லிலிட்டரை வற்றவைத்தால் 0.19 மில்லிகிராம் மிஞ்சும். கல்லூரி ஆய்வகத் தராசு காட்டும் மிகச் சிறிய எடையே 0.1 மில்லிகிராம். வற்றும் நேரத்தில் விழுந்த தூசியும் கண்ணாடியிலிருந்து கசிந்த உப்பும் அந்த எடையை விழுங்கிவிடும். வேறு வழி வேண்டியிருந்தது. அந்த வழிக்குத் தேவைப்பட்டவை இரண்டு வெள்ளிக் கம்பிகளும், அவற்றுக்கு இடையிலான மின்னழுத்தத்தைப் படிக்க ஒரு கருவியும்தான்.

அளக்கப் போவது எதை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரைந்த சில்வர் குளோரைடு நீரில் வெள்ளி அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து கிடக்கிறது. அடியில் திண்ம உப்பு இருக்கும்வரை, இந்த இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண் மாறாது. இதைத்தான் கரைதிறன் பெருக்கம் என்கிறார்கள், எழுதும்போது Ksp. இரண்டில் ஒன்று பத்து மடங்கு கூடினால் மற்றது பத்தில் ஒன்றாகக் குறைந்தாக வேண்டும். அதாவது, கரைசலில் வெளியிலிருந்து பொட்டாசியம் குளோரைடைக் கொட்டினால் வெள்ளி அயனிகள் ஒளிந்துகொள்ள இடமின்றித் திண்மமாகப் படிந்துவிடும். குளோரைடு எவ்வளவு என்பது நாமே நிறுத்துப் போட்டதால் தெரியும். மிஞ்சியிருக்கும் வெள்ளி அயனி எவ்வளவு என்று மட்டும் தெரிந்துவிட்டால், இரண்டையும் பெருக்கிவிடலாம்.

ஆனால் அந்த மிச்சம் மிகச் சொற்பம். 50 மில்லிலிட்டர் கரைசலில், குளோரைடு லிட்டருக்கு 0.1 மோல் இருந்தால், தனித்துத் திரியும் வெள்ளி அயனிகள் அத்தனையையும் கூட்டிச் சேர்த்தாலும் சுமார் 15 நானோகிராம்தான் தேறும். மேலே சொன்ன தராசின் மிகச் சிறிய எடையைவிட ஆறாயிரம் மடங்குக்கும் குறைவு.

இங்கேதான் வெள்ளிக் கம்பி உதவிக்கு வருகிறது. வெள்ளி அயனி இருக்கும் கரைசலில் ஒரு வெள்ளிக் கம்பியை நட்டால், கம்பியின் மேற்பரப்பில் ஓயாத வரவும் போக்கும் தொடங்கும். சில அணுக்கள் எலக்ட்ரானைக் கம்பியிலேயே விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்கும். சில அயனிகள் எலக்ட்ரானைப் பெற்றுக் கம்பியில் வந்து ஒட்டும். கரைசலில் அயனிகள் நிறைய இருந்தால் ஒட்டும் வேகம் ஓங்கி, கம்பி நேர்மின் பக்கம் சாயும். அயனிகள் அருகியிருந்தால் இறங்கும் வேகம் ஓங்கி, எலக்ட்ரான்கள் தங்கிக் கம்பி எதிர்மின் பக்கம் சாயும். கம்பியின் மின்னழுத்தத்துக்கும் அயனிச் செறிவுக்கும் உள்ள கணக்கை 1889இல் லைப்சிக் நகரில், ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் இருந்த வால்தர் நெர்ன்ஸ்ட் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25. கரைதிறன் பெருக்கம் என்ற கருத்தும் அவருடையதே.

நெர்ன்ஸ்டின் சமன்பாட்டை அச்சத்தோடு மனப்பாடம் செய்தவர்கள் பலர். வெள்ளிக்கு அது சொல்வதைச் சாதாரணமாகவே சொல்லிவிடலாம். 25 டிகிரியில், இரண்டு கரைசல்களின் வெள்ளி அயனிச் செறிவு பத்து மடங்கு வேறுபட்டால் அவற்றில் நிற்கும் கம்பிகளுக்கு இடையே 59.16 மில்லிவோல்ட் வேறுபாடு. நூறு மடங்கு என்றால் அதன் இரு பங்கு. ஆயிரம் என்றால் மூன்று பங்கு. பத்து மடங்குக்கு ஒரு படி, படிக்கு 59.16. ஏணியில் ஏறுவதுபோல எண்ணிக்கொண்டே போகலாம்.

E = 0.05916 × log ( [Ag⁺]₁ / [Ag⁺]₂ )

இந்தச் சோதனையைத் தமிழ்நாட்டில் முதுநிலை வேதியியல் படித்த பலர் செய்திருப்பார்கள். ஒரு சிறிய பீக்கரில் லிட்டருக்கு 0.1 மோல் சில்வர் நைட்ரேட். இன்னொன்றில் அதே 0.1 மோல் பொட்டாசியம் குளோரைடு. அதில் ஓரிரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுக் கலக்கினால் வெண்மையாகக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் தேவையான திண்ம உப்பு. இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளிக் கம்பி. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நொடி நனைத்து, வாலை வடிநீரில் நன்றாக அலசிய கம்பிகள். குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. அதில் இருக்கும் குளோரைடே சில்வர் நைட்ரேட்டைப் பால்போல் ஆக்கப் போதும்.

இரு பீக்கர்களையும் இணைக்க உப்புப் பாலம் வேண்டும். யு வடிவக் கண்ணாடிக் குழாயில் அகர்-அகரை ஊற்றி உறையவைத்தது அது. நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி செய்கிறார்களே, அதே பொருள். இங்கே சர்க்கரைக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட். வழக்கமான பாலங்களில் போடுவது பொட்டாசியம் குளோரைடு. இந்தச் சோதனையில் அதைப் போட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

முதல் முறை செய்பவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆய்வகங்களில் இப்படி ஓர் உரையாடல் கேட்கக்கூடும்.

"அண்ணா, மீட்டர் நிக்கவே மாட்டேங்குது. ஓடிக்கிட்டே இருக்கு."

"பாலத்தோட நுனியப் பாரும்மா. வெள்ளையா இருக்கா?"

இருக்கும். பாலத்திலிருந்து கசிந்த குளோரைடு, சில்வர் நைட்ரேட்டைச் சந்தித்த இடத்திலேயே சில்வர் குளோரைடாகப் படிந்து நுனியை அடைத்திருக்கும். எல்லையில் அயனிகள் போய்வரும் வழி அடைபட, அளவு நிமிடத்துக்கு நிமிடம் நகரும். அப்போது கணக்கைப் பார்ப்பது வீண். பாலத்தை மாற்றுவதே வேலை.

அளவை எடுக்கும் கருவியும் கவனிக்கப்பட வேண்டியது. கலத்திலிருந்து மின்னோட்டம் இழுக்கும் பழைய முள் வோல்ட்மீட்டரை வைத்தால், அளக்கும் செயலே கலத்தை மாற்றிவிடும். அதனால்தான் ஒரு காலத்தில் நீண்ட கம்பி பதித்த மின்னழுத்தமானியில், மின்னோட்டம் பூஜ்யமாகும் இடத்தைத் தேடிப் படித்தார்கள்; 1.018 வோல்ட் தரும் வெஸ்டன் கலம் அதற்கு அளவுகோல். இப்போது பிஎச் மீட்டரை மில்லிவோல்ட் நிலைக்குத் திருப்பினால் போதும்.

பீக்கர்கள் 25 டிகிரி நீர்த்தொட்டியில் நிற்கின்றன, மீட்டர் 444 மில்லிவோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏணியை எண்ணலாம். 444ஐ 59.16ஆல் வகுத்தால் 7.505 படிகள். பத்தின் அடுக்கு 7.505 என்பது சுமார் 3.2 கோடி. அதாவது குளோரைடு பீக்கரில் உள்ள வெள்ளி அயனி, சில்வர் நைட்ரேட் பீக்கரில் உள்ளதில் 3.2 கோடியில் ஒரு பங்கு. அங்கே 0.1 மோல் என்றால் இங்கே 3.1 × 10⁻⁹ மோல். இதைக் குளோரைடின் 0.1 ஆல் பெருக்கினால்:

Ksp = 3.1 × 10⁻¹⁰

பாடநூலைத் திறந்தால் 1.8 × 10⁻¹⁰ என்று இருக்கிறது. பாலம் சரி, கம்பி சரி, மீட்டர் சரி. பிறகு ஏன் ஏறத்தாழ இரு மடங்கு?

இந்தச் சோதனையின் உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. பல குறிப்பேடுகள் இங்கேயே முடிந்தும்விடுகின்றன. கம்பி எண்ணுவது கரைசலில் நாம் நிறுத்துப் போட்ட அயனிகளை அல்ல. அயனிகள் மின்னூட்டம் கொண்டவை. 0.1 மோல் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு நேர்மின் அயனியையும் சுற்றி எதிர்மின் அயனிகள் சற்றுக் கூடுதலாக மொய்க்கின்றன. அந்தப் பிடியில் இருக்கும் அயனி, ஆளில்லாத இடத்தில் இருக்கும் அயனியைப் போலச் சுதந்திரமாகச் செயல்படுவதில்லை. ஆகவே 0.1 மோல் சில்வர் நைட்ரேட்டில் உள்ள வெள்ளி, கம்பிக்கு 0.073 மோல் போலத்தான் தெரிகிறது. 0.1 மோல் பொட்டாசியம் குளோரைடில் உள்ள குளோரைடு 0.077 மோல் போல நடந்துகொள்கிறது. இந்தச் செயல்படு செறிவுகளைப் போட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்தால், 0.0734ஐ 3.2 கோடியால் வகுக்க 2.3 × 10⁻⁹, அதை 0.077ஆல் பெருக்க 1.77 × 10⁻¹⁰. மீட்டர் முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

திருத்த எண்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது திருட்டுத்தனம்போல் சிலருக்குத் தோன்றலாம். அவர்களுக்கும் வழி உண்டு. இரு கரைசல்களையும் பத்து மடங்கு நீர்த்து, லிட்டருக்கு 0.01 மோல் ஆக்கி மறுபடி அளந்தால் மீட்டர் 335 மில்லிவோல்ட் அருகில் நிற்கும். திருத்தமே இல்லாமல் கணக்கிட்டாலும் இப்போது விடை 2.2 × 10⁻¹⁰. கூட்டம் குறைந்ததும் பிழையும் குறைந்துவிட்டது. இன்னும் நீர்க்கும்போது விடை எங்கே போய்ச் சேரும் என்பதை வரைபடத்தில் கோட்டை நீட்டிப் பார்த்தால், 1.8ஐ நெருங்குவது கண்ணுக்கே தெரியும். அட்டவணைகளில் உள்ள நியம மின்னழுத்தங்களும் இப்படிச் செறிவைப் பூஜ்யத்துக்கு நீட்டிப் பெறப்பட்டவையே. வெள்ளி மின்வாய்க்கு 0.7996 வோல்ட், சில்வர் குளோரைடு பூசிய வெள்ளி மின்வாய்க்கு 0.2223 வோல்ட். இடைவெளி 0.5773, அது 9.76 படிகள், விடை சுமார் 1.7 × 10⁻¹⁰. பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்வாய்க்குள் ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் இந்தச் சில்வர் குளோரைடு பூசிய கம்பிதான்.

இவ்வளவு சொற்பமான அயனியைக் கம்பி எப்படித் தடுமாறாமல் படிக்கிறது என்று கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள். தூய நீரில் வெறும் 3 × 10⁻⁹ மோல் வெள்ளி அயனியை மட்டும் கரைத்து வைத்து அளந்தால் மீட்டர் தள்ளாடும். சில அயனிகள் பீக்கரின் சுவரில் ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். இங்கே கம்பியைச் சுற்றி வெள்ளைக் கலங்கலாகத் திண்ம உப்பு மிதக்கிறது. ஓர் அயனி காணாமல் போனால் திண்மத்திலிருந்து இன்னொன்று கரைந்து வரும். ஒன்று கூடினால் குளோரைடு அதைப் பிடித்துப் படியவைத்துவிடும். கலங்கலைச் சேர்க்க மறந்து, தெளிந்த பொட்டாசியம் குளோரைடிலேயே கம்பியை நட்டு அளந்தவர்களுக்கு அளவு நிலைக்காததன் காரணம் இதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. குளோரைடு அதிகமாக இருக்கும்போது சில்வர் குளோரைடு இன்னும் இரண்டு வேடங்களில் கரைகிறது: பிரியாத மூலக்கூறாகவும், இரண்டு குளோரைடைச் சுமந்த AgCl₂⁻ அயனியாகவும். நம்முடைய 0.1 மோல் பீக்கரில் இவ்வாறு கரைந்த வெள்ளி, தனித்த வெள்ளி அயனியைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். கரைசலை வடித்து, கரைந்த மொத்த வெள்ளியையும் வேறொரு நுண்கருவியில் அளந்து குளோரைடால் பெருக்கினால் விடை ஆயிரம் மடங்குக்கு மேல் பிழைபடும். கம்பி அந்த வேடங்களில் ஏமாறுவதில்லை. வெறும் Ag⁺ எவ்வளவு என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

கம்பி ஏமாறும் இடங்கள் வேறு. ஏணியின் படி ஒவ்வொன்றும் பத்து மடங்கு என்பதால், மீட்டரில் ஒரு மில்லிவோல்ட் பிழை விடையில் 4 சதவீதம். ஐந்து மில்லிவோல்ட் பிழை 20 சதவீதத்துக்கும் மேல். காற்றில் கறுத்த கம்பியின் சல்ஃபைடு படலம், பாலத்தின் இரு முனைகளிலும் அயனிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் எழும் சிறு மின்னழுத்தம், இவையெல்லாம் சில மில்லிவோல்ட்டைத் தின்ன வல்லவை. கம்பிகளைச் சோதிக்க எளிய வழி, இரண்டையும் ஒரே சில்வர் நைட்ரேட் பீக்கரில் நடுவது. பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று மில்லிவோல்ட் காட்டினால் மறுபடி நைட்ரிக் அமிலத்தில் நனைக்க வேண்டியதுதான். பொட்டாசியம் குளோரைடில் புரோமைடு கலந்திருந்தாலும் விடை பிசகும். சில்வர் புரோமைடு இன்னும் குறைவாகக் கரைவது. வெயில் படும் சன்னல் ஓரத்தில் வைத்தால் வெள்ளைக் கலங்கல் ஊதாவாகக் கறுக்கும். ஒளியில் சில்வர் குளோரைடு வெள்ளியாகச் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இனி வெப்பநிலை. நீர்த்தொட்டி இல்லாத ஓர் ஆய்வகத்தில், மே மாதம், அறை 32 டிகிரி. அதே 0.1 மோல் கரைசல்கள், சுத்தமான கம்பிகள், சரியான பாலம். மீட்டர் இப்போது 439 மில்லிவோல்ட் அளவில் நிற்கும். மாணவி ஒருத்தி பாடநூலில் உள்ள 59.16ஐயே போட்டு, செயல்படு செறிவுத் திருத்தத்தையும் மறக்காமல் செய்து, 2.1 × 10⁻¹⁰ என்று விடை எழுதுகிறாள். பாடநூலின் 1.8க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பக்கத்து மேசையில் இருப்பவன் கவனமானவன். ஏணியின் படி உயரம் வெப்பநிலையோடு மாறும் என்பதால் 32 டிகிரிக்கு உரிய 60.55 மில்லிவோல்ட்டைப் போடுகிறான். 439ஐ 60.55ஆல் வகுக்க 7.25 படிகள்; விடை 3.2 × 10⁻¹⁰. பாடநூலிலிருந்து இன்னும் விலகிப்போய்விட்டது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கோ தவறு என்று அந்த வரியை அடிக்கப் பார்க்கிறான்.

அடிக்க வேண்டியதில்லை. சில்வர் குளோரைடு கரையும்போது வெப்பத்தை உள்ளிழுப்பது. மோலுக்கு சுமார் 65 கிலோஜூல். அதனால் சூடு ஏற ஏறக் கரைதிறன் பெருக்கம் வேகமாக ஏறும். 25லிருந்து 32 டிகிரிக்குப் போகும்போதே அது 1.8 மடங்காகிறது, 32 டிகிரியில் உண்மையான மதிப்பே சுமார் 3.2 × 10⁻¹⁰. மாணவி எழுதிய 2.1, எந்த வெப்பநிலைக்கும் உரியதல்லாத ஓர் எண்: உப்பு 32 டிகிரிக்கு ஏற்பக் கரைந்திருந்தது, சமன்பாடு 25 டிகிரியில் நின்றிருந்தது. குறிப்பேட்டில் விடைக்குப் பக்கத்தில் வெப்பமானி காட்டியதையும் எழுதியிருந்தால், இரண்டு மேசைகளில் எது சரி என்று ஆசிரியருக்கே தெரிந்திருக்கும்.